தேதி வேறு, திதி வேறு: வருஷ திதியை மூன்று நிமிடக் காணொளியில் விளக்க

அப்பா இறந்தது ஆகஸ்ட் 4. மறு ஆண்டு திதி ஜூலை 25 என்று ஐயர் குறித்துத் தருகிறார். அதற்கும் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 13 என்கிறார். "செத்த நாளுக்கு முன்னாடியே எப்படித் தெவசம் வரும்?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், "பஞ்சாங்கத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்பதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. இதைப் பற்றி வரும் காணொளிகளும் பெரும்பாலும் பித்ரு தோஷம், சாபம் என்று பயமுறுத்துவதில் இறங்கிவிடுகின்றன. நாள் எப்படிக் குறிக்கப்படுகிறது என்ற எளிய கேள்விக்கு அவற்றில் விடை இருக்காது.

குடும்பத்துக்காகவோ ஊருக்காகவோ ஒரு சின்னக் காணொளி எடுக்க நினைப்பவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். நாள் ஏன் நகர்கிறது, அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் எதற்கு என்ற இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டால் மூன்று நிமிடம் நிறைந்துவிடும்.

## முதலில் பெயர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் 'காரியம்' என்றால் இறந்த பதினாறாம் நாளை ஒட்டிச் செய்வது. கருமாதி என்பதும் அதுதான். ஆண்டுதோறும் ஒருவர் இறந்த திதியில் அவருக்காகச் செய்வது வருஷ திதி. தெவசம், திவசம், சிராத்தம் எல்லாம் அதற்கே வழங்கும் பெயர்கள். முதல் ஆண்டில் வருவது தலைத் திவசம். எள்ளும் நீரும் வார்ப்பது தர்ப்பணம். அதை அமாவாசைதோறும் முன்னோர் எல்லோருக்கும் சேர்த்துச் செய்கிறோம்.

"ஆடி அமாவாசைக்குத்தான் கொடுத்தாச்சே, தனியா எதுக்கு?" என்ற கேள்வி வருஷ திதியையும் தர்ப்பணத்தையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது. அமாவாசைத் தர்ப்பணம் பொது, வருஷ திதி ஒருவருக்கு உரியது. இறந்த நாளே தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது பரவலான வழக்கம்.

## கடிகாரத்தில் இரண்டு முள்

திதி என்பது நிலவு எங்கே நிற்கிறது என்பதன் பெயர். ஆங்கிலத் தேதி நள்ளிரவு 12 மணிக்கு மாறும். திதிக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. காலை 9 மணிக்கும் மாறும், நடுச்சாமத்திலும் மாறும்.

சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். சின்ன முள்ளைச் சூரியன் என்றும் பெரிய முள்ளை நிலா என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து நிற்கும் இடம் அமாவாசை. பெரிய முள் முந்தி ஓடி, சின்ன முள்ளுக்கு நேர் எதிரே வரும் இடம் பௌர்ணமி. ஒரு மணிக்குப் பெரிய முள் மறுபடி பன்னிரண்டுக்கு வந்துவிடும். ஆனால் அதற்குள் சின்ன முள் கொஞ்சம் நகர்ந்துவிட்டதால், அதைப் பிடிக்க இன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். வானத்திலும் இதே கதைதான். நிலா ஒரு முழு வட்டத்தை 27 நாள் சொச்சத்தில் முடிக்கிறது. ஆனால் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் ஆகிறது. நகர்ந்துபோன சூரியனைப் பிடிக்கத்தான் அந்த இரண்டு நாள் கூடுதல்.

வட்டத்துக்கு 360 பாகை. அதை முப்பதாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 12 பாகை. நிலா சூரியனை விட்டு 12 பாகை முன்னே போக எடுக்கும் நேரம்தான் ஒரு திதி. அமாவாசை முடிந்ததும் வரும் முதல் 12 பாகை வளர்பிறைப் பிரதமை, அடுத்த 12 துவிதியை என்று பௌர்ணமி வரை பதினைந்து. பௌர்ணமி கழிந்து தேய்பிறையில் பதினைந்து. நிலவின் பாதை சரியான வட்டம் இல்லை. பூமிக்கு அருகே வரும்போது வேகமாகவும் விலகிப் போகும்போது மெதுவாகவும் ஓடும். அதனால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணி நேரம் வரையும் நீளலாம்.

சுருக்கமாக: திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது எந்த நேரத்திலும் மாறும், 24 மணிக் கணக்குக்குக் கட்டுப்படாது.

காணொளியில் இந்த இடத்துக்கு வரைபடம் தேடி அலைய வேண்டாம். வீட்டுக் கடிகாரத்தின் முள்ளைக் கையால் திருப்பிக் காட்டுவது போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

## ஒரு நாளைக் குறித்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடலூரில் ஒருவர் 2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு இரவு 9 மணிக்கு இறந்தார் என்று வையுங்கள். அன்று ஆடி அமாவாசை. தினசரி காலண்டரில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் இருந்தது. எனவே வீட்டில் எல்லோரும் "ஆடி அமாவாசையில போனார்" என்றே சொல்வார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

அன்று மாலை ஐந்து மணியை ஒட்டி, நிலா சூரியனைத் தாண்டிவிட்டது. அதோடு அமாவாசைத் திதி முடிந்தது. ஒன்பது மணிக்கு நடந்துகொண்டிருந்தது வளர்பிறைப் பிரதமை. காலண்டர் சூரிய உதயத்தின்போது இருக்கும் திதியை முதலில் போட்டு, அது எத்தனை மணி வரை, பின்பு என்ன என்று சிறிய எழுத்தில் தருகிறது. அவசரத்தில் கொட்டை எழுத்தை மட்டும் படித்துவிடுகிறோம்.

ஆகவே அவருக்குக் குறித்துவைக்க வேண்டியவை மூன்று: ஆடி மாதம், வளர்பிறை, பிரதமை. இந்த மூன்றும் தெரிந்தால் எந்த ஆண்டுக்கும் நாள் கண்டுபிடித்துவிடலாம். 2025இல் ஆடி அமாவாசை ஜூலை 24, மறுநாள் ஜூலை 25 பிரதமை. 2026இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, எனவே திதி ஆகஸ்ட் 13. காலண்டரின் கொட்டை எழுத்தை நம்பியிருந்தால் இரண்டு ஆண்டும் ஒரு நாள் முன்னதாகவே, வேறொரு திதியில் செய்திருப்பார்கள்.

பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் மணிக்குப் பதிலாக நாழிகை இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 நொடி, எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து. '26-45' என்று போட்டிருந்தால், 26 நாழிகைக்கு 10 மணி 24 நிமிடம், 45 விநாடிக்கு 18 நிமிடம். உதயம் ஆறு மணி என்றால் அந்தத் திதி மாலை 4.42க்கு முடிகிறது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் முடிவு நேரத்தில் வித்தியாசம் வரும். இறப்பு அந்த இடைவெளிக்குள் விழுந்திருந்தால் குடும்பம் எதை வழக்கமாகப் பின்பற்றுகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

## ஏன் முன்னும் பின்னும் போகிறது?

பன்னிரண்டு அமாவாசைச் சுற்றுகள் சேர்ந்தால் 354 நாள். ஆண்டுக்கோ 365. ஆகையால் திதி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நழுவும். அப்படியே விட்டால் ஆடித் திதி ஆனிக்கும் வைகாசிக்கும் போய்விடும். தமிழ் மாதம் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுவதால் அது வேலியாக நின்று தடுக்கிறது. மாதத்தை விட்டு வெளியே போகிற ஆண்டில், அடுத்த சுற்றில் வரும் திதியை எடுத்துக்கொள்கிறோம். அப்போது நாள் சுமார் 19 நாள் பின்னால் தாவும்.

ஆடி அமாவாசை வந்த தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 2024இல் ஆகஸ்ட் 4. 2025இல் ஜூலை 24, அதாவது 11 நாள் முன்னால். 2026இல் இன்னும் 10 நாள் முன்னால் போய் ஜூலை 14இல் ஓர் அமாவாசை வருகிறது, ஆனால் அது ஆனி மாதத்தில் விழுகிறது. எனவே ஆகஸ்ட் 12க்குத் தாவுகிறது. கயிற்றில் கட்டிய ஆடு மேய்ந்துகொண்டே போய், கயிறு இழுத்ததும் திரும்புவதுபோல.

2023இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஆடி 1ஆம் தேதி, ஜூலை 17இல் ஓர் அமாவாசை. ஆடி 31, ஆகஸ்ட் 16இல் மற்றொன்று. ஒரே மாதத்தில் இரண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எந்த நாளில் போவது என்று அந்த ஆண்டு குழம்பாத வீடு குறைவு. ஒரு மாதத்தில் ஒரே திதி இரண்டு முறை வந்தால் பின்னால் வருவதை எடுப்பது பொது வழக்கம். அந்த ஆண்டும் இரண்டாவது அமாவாசையே பெரிதாக அனுசரிக்கப்பட்டது.

சுருக்கமாக: திதி நிலவைப் பார்த்து முன்னே ஓடுகிறது, தமிழ் மாதம் அதை ஒரு எல்லைக்குள் நிறுத்துகிறது. அதனால்தான் ஆங்கிலத் தேதி அலைபாய்கிறது.

## எந்தப் பகல்?

இறந்த திதி தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி. திதி இன்று நண்பகலில் தொடங்கி நாளை முற்பகல் 11 மணிக்கு முடிகிறது என்றால் இன்றா நாளையா? காலண்டரில் நாளைய தாளில்தான் அந்தத் திதியின் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் செய்ய வேண்டியது இன்று.

பகல் பொழுதை ஐந்தாகப் பிரித்து, நான்காவது பங்கை அபராண்ணம் என்கிறார்கள். முன்னோருக்கு உரிய நேரம் அதுதான். பகல் ஆறு முதல் ஆறு வரை என்றால் ஒரு பங்கு 2 மணி 24 நிமிடம். நான்காவது பங்கு பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த நேரத்தில் எந்த நாளில் திதி இருக்கிறதோ அந்த நாள்தான் திதி நாள். இரண்டு நாளும் தொட்டால், அல்லது இரண்டிலும் தொடாமல் போனால், அதற்குத் தனி விதிகள் உண்டு. அதைக் குடும்பத்து ஐயரிடம் விட்டுவிடலாம். காணொளிக்குள் கொண்டுவந்தால் பார்ப்பவர் தலை சுற்றும்.

## பாரிஸில் இறந்தவருக்கு

புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பிரான்ஸில் உறவு இல்லாத தெரு இங்கே குறைவு. நிலவின் இடைவெளி உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறுகிறது. அந்தக் கணத்தில் அங்கே மணி வேறு, இங்கே மணி வேறு. பிரான்ஸ் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது.

அதே 2024 ஆகஸ்ட் 4. பாரிஸில் பகல் 12 மணிக்கு ஒருவர் இறந்திருந்தால் நம் நேரம் 3.30, அமாவாசை நடந்துகொண்டிருந்தது. அங்கே பிற்பகல் 3 மணிக்கு இறந்திருந்தால் இங்கே 6.30, பிரதமை வந்துவிட்டது. இரண்டு பேரின் இறப்புச் சான்றிதழிலும் தேதி ஒன்றுதான். எனவே அங்கிருந்து தொலைபேசியில் செய்தி வரும்போதே மணியையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் "மத்தியானம் இருக்கும்" என்றுதான் பதில் வரும்.

## எள், தண்ணீர், மூன்று உருண்டை

சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சியிலோ, விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றிலோ, கடற்கரையிலோ, வீட்டிலோ எங்கே கொடுத்தாலும் நடுவில் நிற்கும் செயல் ஒன்றுதான். தெற்கு நோக்கி உட்கார்ந்து, விரலில் தர்ப்பை மோதிரம் போட்டு, வலது உள்ளங்கையில் கறுப்பு எள்ளை வைத்துக்கொண்டு, பெயர் சொல்லித் தண்ணீர் விடுவது. அந்தத் தண்ணீர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழிந்து கீழே விழ வேண்டும். விரல் நுனி வழியாக விடுவது தெய்வங்களுக்கு. தெற்கு ஏன் என்றால், முன்னோர் தென்திசையில் இருப்பதாக நம்பிக்கை. திருக்குறள் அவர்களைத் தென்புலத்தார் என்றே சொல்கிறது.

பிண்டம் என்பது பிடித்து வைக்கும் சோற்று உருண்டை, அல்லது பச்சரிசி மாவில் எள் சேர்த்துப் பிசைந்தது. தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று. மூவரும் முறையே வசு, ருத்திரன், ஆதித்தன் வடிவில் இருப்பதாக மந்திரத்தில் வரும். மூன்று படி உள்ள திண்ணை என்று இதை நினைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒருவர் இறந்து, அவரை முன்னோரோடு சேர்க்கும் சடங்கு முடிந்ததும் அவர் முதல் படியில் ஏறுகிறார். ஏற்கெனவே இருந்தவர்கள் ஒவ்வொரு படி மேலே போகிறார்கள். மூன்றாம் படியில் இருந்தவர் பெயர் சொல்லும் கணக்கிலிருந்து விடுபடுகிறார். அப்பா இருக்கும்போது அவர் வாயில் கேட்ட அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர், மகன் திதி கொடுக்கும்போது வராமல் போவது இதனால்தான். மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்து இலை போட்டுப் படைப்பது, காக்கைக்குச் சோறு வைப்பது, பச்சரிசியும் வாழைக்காயும் தானம் கொடுப்பது, மாட்டுக்கு அகத்திக்கீரை போடுவது எல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரு வீட்டு வழக்கத்தைக் காட்டி "இப்படித்தான்" என்று காணொளியில் சொன்னால், கீழே சண்டைதான் வரும். "எங்கள் பக்கம் இப்படி" என்று சொல்லுங்கள்.

## கேமராவுக்கு முன்னால்

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவுக்கு வரும். மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல். கடிகாரத்துக்கு ஒரு நிமிடம், ஒரு நாளைக் குறித்துக் காட்ட ஒரு நிமிடம், எள்ளுக்கும் தண்ணீருக்கும் ஒரு நிமிடம். நாழிகையையும் அபராண்ணத்தையும் விட்டுவிடலாம். அவை கேட்டால் சொல்ல வேண்டியவை.

பெரும்பாலும் சொதப்புவது படம் பிடிப்பதில். செல்போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்களில் படம் கண்ணாடிபோல இடம் வலமாகப் பதிவாகும். வலது கையில் வாங்கிய தண்ணீர் இடது கையில் வாங்கியதுபோலத் தெரியும். பூணூல் அணிபவர்கள் இந்தச் சடங்கில் அதை வலத்தோளில் மாற்றிப் போட்டிருப்பார்கள். படத்தில் அது இடத்தோளுக்குப் போய்விடும். விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். பின்பக்கக் கேமராவில் எடுங்கள், அல்லது பின்னணியில் ஏதாவது எழுத்து தெரியும்படி வைத்து, அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, நடித்துக் காட்டுவது. தகப்பனார் உயிரோடு இருக்கும் பையனை உட்காரவைத்துத் தர்ப்பணம் செய்வதுபோல எடுக்காதீர்கள். தகப்பன் இருப்பவர் பொதுவாக இதைச் செய்வதில்லை. விளையாட்டுக்குக்கூடப் பெரியவர்கள் விடமாட்டார்கள். உண்மையாகத் திதி கொடுப்பவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மணிக்கட்டுக்குக் கீழே கைகளையும் தாம்பாளத்தையும் மட்டும் எடுப்பது சரியான வழி. அதுவும் முடியாவிட்டால் எள், தர்ப்பை, செம்பு, பச்சரிசி எல்லாவற்றையும் தனியே அடுக்கி வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒலியிலும் கவனம் வேண்டும். மந்திரத்தில் கோத்திரமும் இறந்தவர் பெயர்களும் வரும், அது அந்தக் குடும்பத்துக்கு உரியது. அந்த ஒலியை எடுத்துவிட்டு, வீட்டில் தனியாகப் பதிந்த குரலைச் சேருங்கள். கடற்கரையில் பேசிப் பதிந்தால் காற்று இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்காது. சோக இசையும் வேண்டாம், தண்ணீர் விழும் சத்தமே போதும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் படித்துறைக்குக் கேமராவோடு போகாதீர்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரோ ஒருவரின் அழுத முகம் படத்துக்குள் வந்துவிடும். ஆற்றையும் படியையும் எடுக்க ஒரு சாதாரணக் காலை வேளை போதும்.

காணொளியின் கடைசி ஐந்து நொடியில் வெறும் எழுத்தில் இந்த நான்கைப் போடலாம்: இறந்த இடம், இந்திய நேரப்படி மணி, தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பதோடு திதியின் பெயர். பார்ப்பவர் போனில் ஒரு படம் எடுத்துவைத்து, தன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்பிக்கொள்வார்.